குண்டுக்குள் புகுந்த கண்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்களிடம் இருந்த நார்டன் என்ற குறிபார்க்கும் கருவியை வைத்து, வானத்திலிருந்து ஊறுகாய்ப் பீப்பாய்க்குள்ளேயே குண்டைப் போடலாம் என்று சொன்னார்களாம். அப்படியென்றால் ஏன் நகரம் நகரமாக அழித்தார்கள்? இன்றைய குண்டுகள் குறிப்பிட்ட ஜன்னலையே தாக்கும் என்கிறார்கள். நடுவில் என்னதான் மாறியது? துல்லியம் கூடியதால் சாவு குறைந்ததா?

கா. செ.

அன்புள்ள கா. செ.,

நார்டன் மோசமான கருவி அல்ல. அதற்குக் கொடுக்கப்பட்ட வேலைதான் முடியாத வேலை. ஒரு விமானம் 7,000 மீட்டர் உயரத்தில், தரையைப் பொறுத்து விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், குண்டு தரையைத் தொட சுமார் 38 விநாடி ஆகும். அதற்குள் அது 3 கிலோமீட்டர் முன்னால் போய்விடும். எனவே இலக்கு இன்னும் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே குண்டை விட வேண்டும்.

எந்தக் கணத்தில் விடுவது என்பதை நார்டன் கண்டுபிடித்துச் சொல்லும். குண்டு வீசுபவர் தொலைநோக்கி வழியாகப் பார்த்தபடி, குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகராமல் நிற்கும்வரை திருகுகளைத் திருப்புவார். கோடு நின்றுவிட்டால், விமானத்தின் உண்மையான வேகமும் பக்கக் காற்று தள்ளும் அளவும் கருவிக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். கடைசி நிமிடங்களில் தானியங்கி விமானியோடு இணைந்து விமானத்தை நேராக ஓட்டுவதும், சரியான கணத்தில் குண்டை விடுவிப்பதும் அந்தக் கருவியேதான்.

ஆனால் வேகத்தை விநாடிக்கு ஒரு மீட்டர் தப்பாகக் கணித்தால் குண்டு 38 மீட்டர் தள்ளி விழும். கீழே வெவ்வேறு உயரங்களில் வெவ்வேறு திசையில் அடிக்கும் காற்று அந்தக் கருவிக்குத் தெரியாது. பயிற்சிக் களத்தில் வெயிலும் தெளிந்த வானமும் இருந்தன. ஐரோப்பாவில் மேகம், புகை, விமான எதிர்ப்புப் பீரங்கி. போதாததற்கு, முன்னால் போகும் விமானம் குண்டு போடுவதைப் பார்த்துப் பின்னால் வருபவை மொத்தமாகப் போடும் வழக்கமும் வந்தது. போருக்குப் பிறகு அமெரிக்கர்களே எடுத்த ஆய்வின்படி, குறிப்பிட்ட இலக்குகளுக்கு வீசிய குண்டுகளில் சுமார் 20 சதவீதம்தான் குறிப்புள்ளியிலிருந்து 300 மீட்டருக்குள் விழுந்தன.

இரவில் பறந்த பிரிட்டிஷ்காரர்களின் நிலை இன்னும் மோசம். 1941-ல் புகைப்படங்களை வைத்து பட் என்ற அரசு அதிகாரி எழுதிய அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதிலிருந்து 5 மைலுக்குள் குண்டு போட்டது என்றது. அடுத்த பிப்ரவரியில், எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பதே நோக்கம் என்று உத்தரவு வந்தது. நகரங்களை அழித்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இந்த வரிசையை மறக்கக் கூடாது. தொழிற்சாலையை அடிக்க முடியாதபோது, அதைச் சுற்றி வாழ்ந்தவர்களே இலக்கானார்கள்.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கு கொடூரமானது. பாதிக் குண்டுகள் விழும் வட்டத்தின் ஆரத்தைத்தான் துல்லியத்தின் அளவாக எடுத்துக்கொள்வார்கள். அது 300 மீட்டராக இருந்து, இலக்கு 15 மீட்டர் ஆரமுள்ளது என்றால், ஒரு குண்டு பட ஏறக்குறைய 600 குண்டு வீச வேண்டும். பிழையைப் பாதியாக்கினால் 150 போதும், ஏனென்றால் வட்டத்தின் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடுகிறது. பிழை 10 மீட்டருக்கு வந்துவிட்டால் ஐந்தில் நான்கு குண்டுகள் படும். படாத அந்த 599 குண்டுகளும் யார் தலையிலாவது விழுந்தவைதான்.

இனி வடக்கு வியட்நாமின் தான் ஹோவா பாலத்துக்கு வருவோம். மா ஆற்றின் மேல் ரயிலும் சாலையும் போகும் இரும்புப் பாலம் அது. 1965 ஏப்ரல் 4 அன்று 48 எஃப்-105 விமானங்கள் அதன்மீது 384 குண்டுகள் வீசின. ஒவ்வொன்றும் 340 கிலோ. பாலம் கருகியது, ஓட்டைகள் விழுந்தன, ஆனால் விழவில்லை. அன்று இரண்டு அமெரிக்க விமானங்களை வடக்கு வியட்நாமின் மிக்-17 போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதன் பிறகும் வருடக்கணக்கில் தாக்கினார்கள், பாலம் நின்றது.

விழ வைத்தது லேசர் குண்டு. குறிபார்க்கும் கருவியை மேலும் நுட்பமாக்காமல், குறிபார்ப்பதையே விமானத்திலிருந்து எடுத்துக் குண்டின் மூக்கில் வைத்துவிட்டார்கள். மாற்றம் முழுக்க இந்த ஒரு இடமாற்றத்தில்தான் இருக்கிறது. நார்டனின் பொறுப்பு குண்டு கைவிட்டுப் போகும் கணத்தோடு முடிந்துவிட்டது. லேசர் குண்டின் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த பேவ்வே அமைப்பில், சாதாரணக் குண்டுக்கே முன்னால் ஒரு உணரியையும் திருப்பும் சிறகுகளையும், பின்னால் பெரிய சிறகுகளையும் பூட்டினார்கள். ஒரு விமானத்திலிருந்து இலக்கின் மேல் லேசரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். பட்டுத் திரும்பும் ஒளியை நான்காகப் பிரிந்த உணரி வாங்கும். எந்தப் பகுதியில் ஒளி அதிகமோ அந்தப் பக்கம் சிறகு திரும்பும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, ஒரேயடியாக முழுசாகத் திரும்பும். குண்டு ஆடி ஆடிப் போனாலும் போய்ச் சேர்ந்தது. காற்றைத் தப்பாகக் கணித்தாலும் வழியிலேயே திருத்திக்கொள்ளும். ஆனால் அதற்கு எஞ்சின் கிடையாது, எனவே எட்டாத இடத்தில் விட்டால் எட்டாமலே விழும். மேகமோ புகையோ லேசரை மறைத்தால் குருடாகிவிடும்.

1972 ஏப்ரல் 27 அன்று அதுதான் நடந்தது. பாலத்தின் மேல் மேகம் இருந்ததால் லேசர் குண்டுகளைப் போட முடியவில்லை. மே 13 அன்று வானம் ஒத்துழைத்தது. 14 எஃப்-4 விமானங்கள் வந்தன, பாலத்தின் மேற்குப் பகுதி அதன் தாங்குசுவரிலிருந்து பிய்ந்து விழுந்தது, ஒரு விமானமும் இழக்கப்படவில்லை. இந்த முறை லேசர் குண்டுகள் 900 கிலோவும் 1,360 கிலோவும் எடை கொண்டவை. எனவே துல்லியம் மட்டுமே அந்த இரும்பை வீழ்த்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு கனமான குண்டைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைக்க வேறு வழி இருக்கவில்லை.

மேகச் சிக்கல் தீர்ந்தது ஜேடாம் என்ற குண்டு வந்தபோது. இதற்கு இலக்கைப் பார்க்கவே தேவையில்லை. செயற்கைக்கோள் காட்டும் இடப்புள்ளியைக் கொடுத்தால் போதும், இருட்டிலும் மழையிலும் அங்கே போய் விழும். முதன்முதலில் போரில் பயன்பட்டது 1999-ல், யூகோஸ்லாவியா மீதான நேட்டோ தாக்குதலில்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு கட்டிடத்தை அழிக்க ஒரு தெருவையே அழிக்க வேண்டிய நிலை போனது, அந்த வகையில் நிச்சயமாகச் சாவு குறைந்தது. ஆனால் “தவறி விழுந்துவிட்டது” என்று சொல்லித் தப்பிக்கும் இடமும் சுருங்கிவிட்டது. இப்போது எங்கே விழுந்தது என்பதைவிட, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார், எதை நம்பித் தேர்ந்தெடுத்தார் என்றுதான் கேட்க வேண்டும். 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பதுங்குமிடத்தில் இரண்டு லேசர் குண்டுகள் மிகச் சரியாக இறங்கின. ராணுவக் கட்டளை மையம் என்று அமெரிக்கா நினைத்த அந்த இடத்தில் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

1999 மே 7 இரவு, ஒரு பி-2 விமானம் பெல்கிரேடில் ஐந்து ஜேடாம் குண்டுகளைப் போட்டது. கொடுத்த இடத்திலேயே விழுந்தன. அந்த இடம் சீனத் தூதரகம், மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். யூகோஸ்லாவிய ஆயுதக் கொள்முதல் அலுவலகத்தைத் தாக்க நினைத்ததாக சிஐஏ சொன்னது. தெரு முகவரி கையில் இருந்தது. அது வரைபடத்தில் எங்கே வரும் என்பதை, பக்கத்துத் தெருக்களின் கதவு எண்களை வைத்து ஊகித்திருக்கிறார்கள். தூதரகம் புது இடத்துக்கு மாறியிருந்ததும் அவர்களின் தரவுகளில் ஏறவில்லை. சீனா இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. உண்மையான அலுவலகம் சுமார் 300 மீட்டர் தள்ளி இருந்தது. நார்டன் காலத்துக் குண்டுகள் தவறி விழுந்த அதே தூரம், இம்முறை வரைபடத்தின் மேல் விழுந்த தவறு.