8 சதவீத வாகனக் கடனா, 14 சதவீத தனிநபர் கடனா?

கேள்வி: ஆறு வருடப் பழைய கார் ஒன்றை 7 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறேன். கையில் 2 லட்சம் இருக்கிறது. மீதி 5 லட்சத்துக்கு ஒரு நிதி நிறுவனம் 8 சதவீதத்தில் வாகனக் கடன் தருகிறேன் என்கிறது. என் வங்கி தனிநபர் கடனுக்கு 14 சதவீதம் கேட்கிறது. இரண்டுமே நான்கு வருடம். 8-ஐ எடுப்பதுதானே புத்திசாலித்தனம்? ஒரே ஆளுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: அந்த 8 சதவீதம் ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்று முதலில் கேளுங்கள். பழைய கார் கடனில் ஃபிளாட் கணக்கில் வட்டி சொல்வது சகஜம். எண் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

குறையும் நிலுவை என்றால் ஒவ்வொரு மாதமும் மீதியுள்ள அசலுக்கு மட்டுமே வட்டி. ஃபிளாட் என்றால் நான்கு வருடமும் முழு 5 லட்சத்துக்கே வட்டி. வருடத்துக்கு 40,000, மொத்தம் 1.6 லட்சம். 6.6 லட்சத்தை 48 மாதத்துக்குப் பிரித்தால் தவணை 13,750. அதில் அசல் 10,417, வட்டி 3,333. கடைசி மாதம் நீங்கள் பாக்கி வைத்திருப்பது 10,417 மட்டும்தான். அப்போதும் அதே 3,333 வட்டி! குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய 14.4 சதவீதம். உங்கள் வங்கியின் 14 சதவீதம் குறையும் நிலுவைக்கானது என்றால் தவணை சுமார் 13,663. நான்கு வருடத்தில் வங்கிக் கடன்தான் ஏறத்தாழ 4,000 மலிவு. ஆனால் 5 லட்சத்தில் 1 சதவீதம் 5,000. வங்கியின் செயலாக்கக் கட்டணம் அந்த அளவு கூடுதலாக இருந்தாலே கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிடும். இரண்டு இடத்திலும் கட்டணத்தை எழுதி வாங்குங்கள்.

சரி, காரையே அடமானமாக வாங்கிக்கொண்டும் ஏன் வட்டி இறங்கவில்லை? தனிநபர் கடன் கொடுப்பவர் உங்களை மட்டும் பார்க்கிறார்: சம்பளம், ஏற்கெனவே இருக்கும் தவணைகள், கிரெடிட் ஸ்கோர். வாகனக் கடன் கொடுப்பவர் உங்களோடு காரையும் பார்க்கிறார். தவணை நின்றால் வண்டியை எடுத்து ஏலத்தில் விடலாம். புது கார் என்றால் என்ன விலை போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பழைய கார் அப்படியில்லை. எப்படி ஓட்டினார்கள், எங்கே இடித்தார்கள் என்பதெல்லாம் ஏலத்தின்போதுதான் தெரியவரும். அடமானம் இருக்கிறது, ஆனால் பலவீனமான அடமானம். அதனால்தான் பழைய கார் கடனுக்கு வட்டி புது கார் கடனைவிட அதிகம்; சில சமயம் தனிநபர் கடனையே தொட்டுவிடுகிறது.

அதே பயத்தால்தான் நீங்கள் பேசிய 7 லட்சத்தை நிறுவனம் கண்டுகொள்ளாது. அவர்களுடைய மதிப்பீட்டாளர் சொல்வதுதான் கணக்கு. அவர் 6.25 லட்சம் என்று எழுதி, அதில் 80 சதவீதம் தருவது விதி என்றால் உங்களுக்குச் சரியாக 5 லட்சம் கிடைக்கும். 5.5 என்று எழுதினால் 4.4 லட்சம்தான், மீதி 60,000-க்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஆகவே மதிப்பீடு வருமுன் விற்பவருக்குப் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள். கடன் முடியும்போது கார் இத்தனை வயதைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு வைப்பார்கள். வரம்பு 9 வருடமாக இருந்தால் உங்களுக்கு 3 வருடத் தவணைதான்.

வாகனக் கடனில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பழைய உரிமையாளரின் கடன் தீர்ந்ததா, அவருக்குக் கடன் கொடுத்த நிறுவனத்தின் அடமான உரிமை பதிவிலிருந்து நீக்கப்பட்டதா என்பதைத் தங்கள் பணத்துக்காகவாவது அவர்கள் துருவிப் பார்ப்பார்கள். தனிநபர் கடனில் பணம் நேராக உங்கள் கணக்குக்கு வந்துவிடும், அந்த வேலை உங்கள் தலையில். பதிவில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

செலவு ஏறக்குறைய சமம் என்பதால், இரண்டு வருடத்தில் காரை மாற்றும் எண்ணம் இருந்தால் நான் தனிநபர் கடனையே சொல்வேன். குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால், பாதிக் காலம் முடிந்தும் இரண்டிலும் சுமார் 2.85 லட்சம் நிலுவை இருக்கும். வாகனக் கடனில் அதைக் கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, பதிவில் நிறுவனத்தின் பெயரை நீக்கினால்தான் விற்க முடியும். தனிநபர் கடனில் உடனே விற்கலாம். ஆனால் விற்ற பணம் வேறு வழியில் போய்விட்டால், இல்லாத காருக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். வாகனக் கடனிலும் இந்த ஆபத்து வேறு உருவில் இருக்கிறது: வண்டி ஏலம் போய் கடன் தீராவிட்டால், குறையும் தொகையை உங்களிடம்தான் கேட்பார்கள்.

நாளைக்கே இரு இடத்திலும் மாதவாரித் தவணை அட்டவணை கேளுங்கள். முன்கூட்டியே அடைத்தால் நிலுவையை எப்படிக் கணக்கிடுவார்கள், அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அட்டவணை தரத் தயங்கும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.