பட்டா கொடுத்த வட்டாட்சியரே அதை ரத்து செய்யலாமா?

"வேலூர் மாவட்டத்தில் எங்கள் 42 சென்ட் நிலத்துக்கு மார்ச்சில் பட்டா மாறுதல் உத்தரவு போட்ட வட்டாட்சியரே, சித்தப்பாவின் மனுவை வாங்கிக்கொண்டு ஜூலையில் அதை ரத்து செய்துவிட்டார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?"

பொதுவாக இல்லை. இரு தரப்பின் உரிமையை விசாரித்து முடிவு செய்யும் அதிகாரி, உத்தரவில் கையொப்பமிட்டு அதை உரியவருக்கு அனுப்பியதுமே அந்த விஷயத்தில் தம் பணியை முடித்தவராகிறார். இந்த நிலையைத்தான் சட்டம் 'ஃபங்க்டஸ் அஃபிஷியோ' என்கிறது. கோப்பில் எழுதிய குறிப்பு வெளியே வராதவரை மாற்றலாம், வந்தபின் மாற்ற முடியாது. மறுஆய்வு அதிகாரம் சட்டத்தில் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்டிருக்க வேண்டும் என்று படேல் நர்ஷி தாக்கர்ஷி வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

எழுத்துப்பிழை, கணக்குப்பிழை திருத்தம் வேறு. மோசடியால் பெற்ற உத்தரவும் விலக்கு. இன்னொரு விலக்குதான் உங்கள் வழக்கில் முக்கியம்: மார்ச் உத்தரவுக்கு முன் சித்தப்பாவுக்கு நோட்டீசே போகவில்லை என்றால், அந்த நடைமுறைக் குறைக்காக உத்தரவைத் திரும்பப் பெற்று மீண்டும் விசாரிக்கலாம், 1980-இன் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கு, நடைமுறைக் குறையைச் சரிசெய்வதற்கும் வழக்கின் தகுதியை, அதாவது உரிமை யாருக்கு என்பதை, மீண்டும் ஆராய்வதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகிறது. அப்போதும் உங்களைக் கேட்காமல் ரத்து செய்வது தவறு.

ஆகவே ஜூலை உத்தரவின் காரணப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். "நோட்டீஸ் சார்வு செய்யப்படவில்லை" என்றிருந்தால் அது நடைமுறைக் குறை. "ஆவணங்களை மீண்டும் பரிசீலித்ததில் மனுதாரருக்கே பாத்தியம்" என்றிருந்தால் அது தகுதி மீதான மறுஆய்வு. அந்த வேலை மேல்முறையீட்டில் கோட்டாட்சியருக்கு உரியது. நீங்களும் தாமதிக்காமல் அவரிடமே மேல்முறையீடு செய்து, அதிகார வரம்பின்மையை முதல் காரணமாக எழுதுங்கள்.