தண்டின் வெப்பக் கணக்கில் நேரப்படியை எப்படித் தேர்வது?

*கேள்வி: சுங்கை சிப்புட் அருகே செம்பனை ஆலையில் பயிற்சியில் இருக்கிறேன். 30°C-இல் உள்ள 1 மீட்டர் எஃகுத் தண்டின் ஒரு முனையை 100°C-இல் வைத்துக் கணக்கிட்டேன். இடைவெளி 1 செ.மீ., நேரப்படி 5 நொடி. விடை தாறுமாறாகிறது. ஏன்?*

உங்கள் நேரப்படி வரம்பை மீறிவிட்டது. சாதாரண எஃகின் வெப்பப் பரவல் திறனை α = 1.2×10⁻⁵ மீ²/நொடி எனக் கொண்டால், r = αΔt/Δx² என்னும் எண் உங்களுக்கு 0.6 ஆகிறது, அது 0.5-ஐத் தாண்டக்கூடாது.

காரணம் சூத்திரத்திலேயே இருக்கிறது:

```
T_new[i] = r*T[i-1] + (1-2*r)*T[i] + r*T[i+1]
```

r = 0.6 எனில் நடுப் பெருக்கெண் −0.2 ஆவதால், ஒரு புள்ளி எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் அடுத்த மதிப்பு கீழே இழுக்கப்படுகிறது. சூடான முனையை அடுத்த புள்ளி முதல் படியில் 72°C-க்கு ஏறி, இரண்டாம் படியில் 63.6°C-க்கு இறங்குவதை உங்கள் அட்டவணையிலேயே காணலாம். வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும் தண்டில் இந்த இறக்கம் நடக்கவே முடியாது. ஒன்றுவிட்டொன்று ஏறி இறங்கும் அந்த வாள்பல் வடிவம் ஒவ்வொரு படியிலும் குறி மாறி, ஏறக்குறைய |1−4r| = 1.4 மடங்காக வளர்கிறது.

வரம்பு Δx²/(2α), அதாவது சுமார் 4.17 நொடி. ஆனால் சரியாக வரம்பிலேயே நிற்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் அங்கே அந்த வாள்பல் வளராவிட்டாலும் தேய்வதும் இல்லை. 3 நொடி எடுத்தால் r = 0.36, அதே புள்ளி 55.2, பின்பு 62.3 என ஒழுங்காக ஏறும். இடைவெளியை அரை செ.மீ. ஆக்கினால் வரம்பு பாதியாக அல்ல, கால்பங்காக, சுமார் 1.04 நொடியாகச் சுருங்கும்.