தென்னந்தோப்பு: வெட்டு நாள், ஆள், விற்பனை – கேள்வி பதில்

ஆனைமலைப் பக்கம் நெட்டைத் தோப்பு வச்சிருக்கேன். அப்பா காலத்திலிருந்து வெட்டு நோட்டு எழுதி வர்றோம். அதில் இருப்பதை வச்சுத்தான் பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, அப்பா தவறிட்டார். 5 ஏக்கர், 350 மரம் இப்ப என் கையில். பகலில் கோயம்புத்தூரில் வேலை. எத்தனை நாளுக்கு ஒருக்கா வெட்டணும், ஆளுக்கு எப்பச் சொல்லணும்?

பதில்: 45 நாள்னு வச்சுக்கங்க தம்பி. மழைக்காலத்தில் காய் குறையும்போது 60 வரைக்கும் போகலாம். மரம் ஏறக்குறைய மாசம் ஒரு பாளை விடுது. பாளை வெடிச்சு 11, 12 மாசத்தில் அந்தக் குலை முத்துது. அதனால 45 நாளில் ஒரு மரத்தில் ஒரு குலை, சில மரத்தில் ரெண்டு குலை கிடைக்கும். தினமும் தோப்பில் இருக்கிறவர் வேணும்னா 30 நாளுக்கு ஒருக்கா போடலாம், உங்களுக்கு அது தோது இல்லை.

விலையைப் பார்த்துத் தேதி குறிக்காதீங்க, வெட்டற ஆளைப் பார்த்துக் குறிங்க. அவங்களுக்கு 40 தோப்பு இருக்கும். நமக்கு வேணும்ங்கிற அன்னைக்கு வர மாட்டாங்க. ஒரு வெட்டு முடிஞ்சு கூலி கொடுக்கிறபோதே அடுத்த தேதியைச் சொல்லிடுங்க, பத்து நாள் இருக்கையில் ஞாபகப்படுத்துங்க. தேதி பொங்கல், தீபாவளி வாரத்தில் விழுந்தா முன்னாடியே ஒரு வாரம் தள்ளி வச்சிடுங்க.

350 மரத்துக்குத் தொரட்டிக்காரர் ரெண்டு பேர், பொறுக்க நாலு பேர்னா ரெண்டு நாள் வேலை. அதுக்கு மூணு நாள் முன்னாடியே தண்ணியை நிறுத்திடுங்க. நான் ஒருமுறை மறந்துட்டேன். வட்டப்பாத்தி சேறில் காய் பாதி புதைஞ்சு, பொறுக்க வந்த அக்காமார் மதியத்துக்குள்ள "நாளைக்கு வர்றோம்"னு கிளம்பிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பாதிக் காய் தோப்பிலேயே கிடந்தது. காலையில் எண்ணினா குறையுது.

கேள்வி: விலை இறங்கினா வெட்டவே கூடாது. மரத்தை விட நல்ல குடோன் கிடையாது. 90 நாள் விட்டாலும் காய் கெடாதே?

பதில்: பாதி சரி. பத்து, பதினஞ்சு நாள் தள்ளினா ஒண்ணும் ஆகாது, பருப்பு நல்லாவே கட்டும். அதைத் தாண்டினா நெத்து தானா விழ ஆரம்பிக்கும். ராத்திரி விழுகிற காய் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு, இல்லைன்னா காட்டுப்பன்னிக்கு. மழையில் விழுந்து கிடந்தா முளை விட்டுடும், அதை வியாபாரி கழிச்சிடுவார். இன்னொரு சங்கடம், 90 நாள் காய் ஒரே வெட்டில் வந்தா அதைப் பொறுக்கவும் உரிக்கவும் ரெண்டு மடங்கு ஆள் வேணும். அத்தனை ஆளுக்கு எங்கே போறது?

தள்ளிப் போடணும்னா வெட்டினதுக்கு அப்புறம் தள்ளிப் போடுங்க, மட்டையோடு நிழலில் குமிச்சு. ஆனா எப்படி விக்கிறீங்கங்கிறதைப் பொறுத்துத்தான் அதுவும். ஒரே வெட்டில் நூறு நூறா ரெண்டு குமி எடுத்தேன். மூணாம் நாள் உரிச்ச நூறு 58 கிலோ நின்னுச்சு. 25 நாள் கழிச்சு உரிச்ச நூறு 54 கிலோ. உள்ளே தண்ணி வத்துது, அவ்வளவுதான். எடைக்கு விக்கிறவருக்கு அது நஷ்டம். கொப்பரை போடறவருக்கு நஷ்டமே இல்லை, பருப்பு ஓட்டை விட்டுச் சுலபமா கழண்டு வரும்.

கேள்வி: போன வெட்டில் 5,000 காய் இறங்குச்சு. வியாபாரி 600 காயைக் கழிவுன்னு ஒதுக்கிட்டார். ஏமாத்துறாரா?

பதில்: ஏமாத்தலாம். ஆனா முதலில் உங்க வெட்டைப் பாருங்க. காய்க்கு இவ்வளவுன்னு கூலி பேசினீங்களா? பேசியிருந்தா மேல் குலையும் சேர்ந்து இறங்கும், எண்ணிக்கை கூடினா அவங்களுக்குத்தானே காசு. மரத்துக்கு இவ்வளவுன்னு பேசினா இளங்காய் வராது, ஆனா உயரமான மரத்தை விட்டுட்டுப் போயிடுவாங்க. நான் மரக்கணக்கில் பேசி, வெட்டின மரத்தில் மகனை விட்டுச் சுண்ணாம்புக் கோடு போட வைக்கிறேன்.

கழிச்ச காயில் பத்து எடுத்து உரிச்சுப் பாருங்க. ஓடு கறுத்து, ஆட்டினா தண்ணி கலகலன்னு சத்தம் கேட்டா நல்ல காய், வியாபாரி கிட்ட சண்டை போடலாம். ஓடு வெளுப்பா இருந்து சத்தமே வரலைன்னா இளங்காய். அது காய்ஞ்சா பருப்பு ரப்பர் மாதிரி வளையும், எந்தக் களத்திலும் எடுக்க மாட்டாங்க. இனி வியாபாரி முன்னாடி நீங்களும் நின்னு கழிங்க, எடைமேடைச் சீட்டைக் கையில் வாங்குங்க.

கேள்வி: ஐயா, நான் பேராவூரணி. 2018 கஜாவில் 200 மரம் போச்சு. வச்ச கன்னு இப்பத்தான் காய்க்குது. 45 நாள் கணக்கு எங்களுக்கும்தானா? இளநீருக்கே கொடுத்திடலாமான்னு வீட்டில் சொல்றாங்க.

பதில்: கஜா பட்டவங்ககிட்ட கணக்குப் பேசவே கூச்சமா இருக்குங்க. நாள் கணக்கு உங்களுக்கும் அதேதான். மரம் குட்டையா இருக்கிறதால தரையிலிருந்தே அறுக்கலாம், ஆள் தொல்லை கம்மி.

இளநீர்க்காரர் ஆளும் வண்டியும் அவரே கொண்டு வர்றார், கையில் காசு. அது நல்லதுதான். ஆனா பங்குனியில் 7 மாசக் குலையைக் கொடுத்தா, ஆடி, ஆவணியில் முத்த வேண்டிய குலை அது. அந்த வெட்டில் காய் இருக்காது. அதுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தா மாட்டிக்குவீங்க. எந்த வரிசையில் எந்த மாசம் இளநீர் வெட்டினோம்னு நோட்டில் குறிச்சு வச்சிட்டு, மத்த வரிசையை மட்டும் தேங்காய்க்கு விடுங்க.

கேள்வி: கொப்பரை போட்டா லாபம்தானே? ஆதார விலை இருக்கே.

பதில்: 2025க்கு அரவைக் கொப்பரை ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாயா இருந்துச்சு. அதைக் காயோடு ஒப்பிட இப்படிப் பாருங்க. எங்க பக்கம் 1,000 காய்க்குச் சுமார் 140 கிலோ கொப்பரை கட்டும். அந்த விலையில் அது 16,215 ரூபாய் ஆகுது. அதிலிருந்து உரிகூலி, உடைகூலி, களத்துக்கூலி கழிங்க. உங்க ஊரில் அன்னைக்கு 1,000 காய்க்கு வியாபாரி கொடுக்கிறது அதை விடக் கூடவா இருந்தா வித்துடுங்க, களமே வேண்டாம். கொள்முதல் நாளில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால ஐப்பசி மழையில் காய் உடைக்க நான் துணியறதில்லை. மாசி முதல் வைகாசி வரைக்கும்தான் எங்க களம் ஓடும்.

கேள்வி: எங்க மாமா வருஷக் குத்தகைக்கு விட்டுட்டார். ஆள் தொல்லை இல்லைன்னு நிம்மதியா இருக்கார். நீங்க ஏன் விடலை?

பதில்: மாமா செய்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். குத்தகைக்காரர் கடைசி வெட்டில் இளங்குலையையும் சேர்த்து இறக்கிட்டுப் போனதை ரெண்டு தோப்பில் பார்த்திருக்கேன். கடைசி வெட்டுத் தேதியையும், அன்னைக்கு எத்தனை குலை மரத்தில் நிக்கணும்ங்கிறதையும் எழுதி வாங்கினா சரியா வரும்னு என் மச்சான் சொல்றார். அவர் எழுதி வாங்கியிருக்கார். வர்ற தை மாசம் அவரோட கடைசி வெட்டு, பார்க்கலாம்.