ஸ்கேன்ல 3ஆ 8ஆ தெரியல, அத வெச்சு குவாரி மேல கேஸ் போடலாமா?

"வணக்கம் சார். எங்க ஊர் பக்கத்துல கல்குவாரிக்கு லீஸ் குடுத்திருக்காங்க. ஆர்டர் காப்பியோட ஸ்கேன் பிடிஎஃப்ல நாலு மூலைக்கும் டிகிரி, நிமிஷம், செகண்ட்னு டேபிள் இருக்கு. நான் மேப்ல அடிச்சா சென்னிமலை பக்கம் எங்கேயோ காட்டுது, நாங்க இருக்கிறது நாமக்கல் மாவட்டம். ஃப்ரெண்ட் ஒருத்தர் டெசிமலா மாத்தி, எங்க வீட்டுக்கு 240 மீட்டர்தான், 300 மீட்டர் ரூல் மீறல், உடனே கேஸ் போடுங்கன்றார். போடலாமா?"

வணக்கம். கேஸ் இப்ப போடாதீங்க, அந்த 240 மீட்டர் நிக்காதுன்னு நினைக்கிறேன். நீங்க அனுப்பின பக்கத்த பெருசு பண்ணி பாத்துட்டுதான் சொல்றேன். கீழ வர்ற எண்கள கொஞ்சம் மாத்தி போட்டிருக்கேன், உங்க ஊர் எதுன்னு வெளிய தெரிய வேண்டாம்னு.

முதல்ல சென்னிமலை விஷயம். டேபிள்ல மூலை ஏ 11°14'36.52", 77°52'08.40"ன்னு இருக்கு, நீங்க அத அப்படியே 11.143652, 77.520840ன்னு அடிச்சிருக்கீங்க. புள்ளிக்கு அப்புறம் நிமிஷத்தையும் செகண்டையும் ஒட்டிட்டா டெசிமல் ஆயிடாது, ஏன்னா நிமிஷம் அறுபதுக்கு ஒரு டிகிரி, மணிக்கணக்கு மாதிரிதான், ஒன்றரை மணி நேரத்த 1.30ன்னு கால்குலேட்டர்ல போட்டா எப்படி தப்போ அப்படித்தான் இதுவும். அதனாலதான் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் மேற்க போய் விழுந்திருக்கு. நிமிஷத்த 60ஆல வகுக்கணும், செகண்ட 3600ஆல வகுக்கணும், டிகிரியோட கூட்டணும், எக்செல்ல இப்படி:

```
=11+14/60+36.52/3600    →  11.243478
=77+52/60+8.40/3600     →  77.869000
```

புள்ளிக்கு அப்புறம் ஆறு இலக்கம் வெச்சுக்கோங்க, நாலோட நிறுத்தினா கடைசி இலக்கம் ஒண்ணு மாறினாலே 11 மீட்டர் போயிடும். கணக்கு சரியான்னு பாக்க, கூகுள் மேப்ல 11°14'36.52"N 77°52'08.40"E ன்னு மூலத்தையே அடிச்சு பாருங்க, அதுவும் அதே இடத்துக்கு வரணும்.

இந்த தப்பு பெருசுங்கறதால உடனே தெரிஞ்சுபோச்சு, உங்க ஃப்ரெண்ட் பண்ணினதுதான் ஆபத்து, ஏன்னா அவர் கணக்கு சரி, எடுத்த எண்ணுதான் தப்பு. நாலாவது மூலை டி, அதோட தீர்க்கரேகைய அவர் 77°52'03.90"ன்னு படிச்சிருக்கார். அந்த எடத்துல மை கசிஞ்சிருக்கு, 3னும் படிக்கலாம் 8னும் படிக்கலாம். ஒரே ஒரு இலக்கம்தானேன்னு நினைக்காதீங்க, நம்ம பக்கம் தீர்க்கரேகைல ஒரு செகண்ட் சுமார் 30 மீட்டர், அஞ்சு செகண்ட்னா 150 மீட்டர், அந்த மூலை அப்படியே உங்க வீட்ட பாத்து நகந்து வந்துடுது.

எது சரின்னு கண்ண வெச்சு முடிவு பண்ணக்கூடாது, பரப்பளவ வெச்சு பண்ணணும். ஆர்டர்ல 1.96 ஹெக்டேர்னு இருக்குல்ல, மத்த மூணு மூலையோட டிய 08.90ன்னு வெச்சு பரப்பு போட்டேன், 1.96 வந்துச்சு. 03.90ன்னு வெச்சா 3.06 ஹெக்டேர் வருது, ஒரு ஹெக்டேருக்கு மேல எங்கிருந்து வந்துச்சு? அதுமட்டுமில்ல, அப்ப மேற்கு எல்லை கோணலா ஒரு மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், அந்த சர்வே நம்பர சர்வே துறை அளந்து வரைஞ்ச எஃப்எம்பி ஸ்கெட்ச்ல அப்படி ஒரு வடிவம் இருக்கான்னு பாத்தாலே போதும். ஆக 08.90தான் சரின்னு வெச்சுக்கிட்டா உங்க வீட்டுக்கும் எல்லைக்கும் சுமார் 390 மீட்டர்.

இத படிச்சா உங்களுக்கு கசக்கும், தெரியும். ஆனா 240ன்னு அஃபிடவிட்ல சத்தியம் பண்ணிட்டு போனீங்கன்னா எதிர்தரப்பு வக்கீல் ஒரு தெளிவான காப்பிய நீட்டுவார், அந்த நிமிஷமே உங்க மத்த குறையும் எடுபடாம போயிடும், தூசு, வெடி அதிர்வு எதைப் பத்தி பேசினாலும் "இவங்க அளவு சொன்ன லட்சணம் தெரியாதா"ன்னு முடிச்சிடுவாங்க.

அதுக்காக ஒண்ணுமே இல்லன்னு சொல்லல. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959, விதி 36(1-ஏ) என்ன சொல்லுதுன்னா, குடியிருப்பு இருக்குற இடத்துலேர்ந்து 300 மீட்டருக்குள்ள கல்குவாரிக்கு லீஸ் குடுக்கக்கூடாது. உங்க ஒரு வீடு மட்டும் கணக்கில்ல, வருவாய் பதிவேட்டுல இருக்கிற கிராம நத்தமும் அங்கீகாரம் வாங்கின மனைப்பிரிவும் அதுல வரும். உங்க நத்தத்தோட கிழக்கு ஓரம், குவாரி பக்கமா இருக்கிற கடைசி வீடு எது? மேப்ல அந்த வீட்டு மேல விரல அழுத்தி வெச்சா டெசிமல்லயே எண் குடுக்கும், அதுலேர்ந்து ஏ - டி கோட்டுக்கு அளந்து பாருங்க, மூலைக்கு மட்டும் அளக்காதீங்க, கோட்டுல நடுவுல ஒரு எடம் இன்னும் கிட்ட இருக்கலாம். அது 300க்குள்ள வந்தா உங்க கேஸ் அங்கதான் இருக்கு.

பத்திரம் விஷயத்துல ரெண்டு வேலை. மாவட்ட கனிமவள அலுவலகத்துல ஆர்டிஐ மனு போட்டு, பத்து ரூபா கட்டணத்தோட, லீஸ் ஆர்டர், சுரங்கத் திட்டம், அதோட இருக்கிற எல்லை வரைபடம் மூணுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்க. ஒரே டேபிள் பொதுவா ஒண்ணுக்கு மேற்பட்ட பேப்பர்ல திரும்ப வரும், ஒண்ணுல மங்கினது இன்னொண்ணுல பளிச்சுனு இருக்கும். எந்த டேட்டம்ல, அதாவது பூமிய அளக்க எந்த அடிப்படைய வெச்சு எடுத்ததுன்னும் பாருங்க, WGS84ன்னு இருந்தா மேப்போட ஒத்துப்போகும், பழைய எவரெஸ்ட் டேட்டம்னா நூறு மீட்டருக்கு மேலகூட தள்ளி விழலாம், அப்ப நம்ம கணக்கெல்லாம் மறுபடி போடணும். ஸ்கேன்ல இருக்கிற எழுத்த கம்ப்யூட்டரே படிக்கிற ஓசிஆர் போட்டு எடுத்தா இன்னும் உஷார், டிகிரி வட்டம் பூஜ்யமாயி 11014ன்னு வரும், செகண்ட் குறி 11ஆ மாறும், 36.52ல புள்ளி காணாம போயி 3652ன்னு நிக்கும். நிமிஷமோ செகண்டோ 60ஐ தாண்டினா அங்க தப்பு இருக்குன்னு அர்த்தம், ஆனா 3, 8 மாதிரி தப்ப அந்த சோதனை பிடிக்காது.

ரெண்டாவது, எல்லாம் கைக்கு வந்தப்புறம் கலெக்டருக்கு மனு. அதுல டெசிமல மட்டும் எழுதாதீங்க, டேபிள்ல இருக்கிற டிகிரி நிமிஷம் செகண்ட அப்படியே ஒரு வரிசைல, பக்கத்துல நீங்க மாத்தின டெசிமல், சந்தேகமான இலக்கத்துக்கு கீழ "நகலில் தெளிவில்லை"ன்னு. கனிமவளத் துறையும் தாலுகா சர்வேயரும் சேர்ந்து நேர்ல அளக்கணும்னு கேளுங்க. மேப் ஸ்கிரீன்ஷாட் ஆரம்ப ஆதாரம்தான், கோர்ட்ல குடுக்கணும்னா பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 கேக்குற மின்னணு ஆவணச் சான்றிதழ் கூட வெக்கணும், அப்பவும் எதிர்தரப்பு மறுத்தா, சிவில் வழக்குன்னா சிபிசி ஆர்டர் 26 ரூல் 9படி கோர்ட் நியமிக்கிற அட்வகேட் கமிஷனர், கூட சர்வேயர்னு போய்தான் அளவு நிலைக்கும்.

ஒண்ணு அவசரமா சொல்லுங்க: சுற்றுச்சூழல் அனுமதி என்னைக்கு குடுத்தாங்க? அத எதிர்த்து பசுமைத் தீர்ப்பாயம் போக 30 நாள், போதுமான காரணம் இருந்தா இன்னும் 60 நாள், அதுக்கு மேல கதவு மூடிடும். ஆர்டிஐ பதிலுக்கே 30 நாள் ஆகலாம், அதனால தேதி கிட்ட இருந்தா தெளிவான காப்பிக்காக காத்திருக்காம என்ன நேர்ல வந்து பாருங்க, அளவ மட்டும் இப்ப எண்ணா எழுதாம மத்த காரணங்கள வெச்சு மனுவ தயார் பண்ணலாம்.