டிக்கெட் மூடியாயிற்று, வாடிக்கையாளருக்கு இன்னும் சரியாகவில்லை

கேள்வி: சர்வீஸ் முடங்கும்போது வாடிக்கையாளர்கள் பார்க்கும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஒன்று எழுதுகிறோம், உள்ளே பழுதைப் பதிவுசெய்யும் டிக்கெட்டில் வேறொன்று இருக்கிறது. இரண்டையும் எப்படி ஒன்றாகக் கொண்டுபோவது?

பெரும்பாலும் இரண்டும் பிரிவது கடைசிக் கட்டத்தில்தான். திருத்தம் டெப்ளாய் ஆனதும் டிக்கெட் மூடப்படுகிறது. அதைப் பார்த்ததும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் எழுதுபவரும் ‘சரிசெய்துவிட்டோம்’ என்று போட்டுவிடுகிறார்.

ஆர்டரை உறுதிசெய்யும் மின்னஞ்சல்கள் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவற்றை வரிசையிலிருந்து எடுத்து அனுப்பும் புரோகிராம் நின்றுவிட்டது. 10:20-க்கு மறுபடி ஓடவிட்டார்கள். ஆனால் 40,000 மின்னஞ்சல்கள் தேங்கியிருக்கின்றன. தேக்கம் நிமிடத்துக்கு 500 குறைந்தால்கூட 80 நிமிடம் ஆகும். அப்போது இப்படி எழுதலாம்:

“ஆர்டரை உறுதிசெய்யும் மின்னஞ்சல்கள் மீண்டும் போகத் தொடங்கிவிட்டன. காலையில் ஆர்டர் செய்தவர்களுக்கு நண்பகல் வரை தாமதமாகலாம். உங்கள் ஆர்டர் பதிவாகியிருக்கிறது, மறுபடி ஆர்டர் செய்ய வேண்டாம். அடுத்த தகவல் 10:50-க்கு.”

வரிசை, புரோகிராம் எதுவும் இதில் வேண்டாம். ‘மறுபடி ஆர்டர் செய்ய வேண்டாம்’ என்பதுதான் மக்களுக்கு உடனே தேவையான வரி. ஆனால் டேட்டாபேஸில் ஆர்டர்கள் பதிவாகியிருப்பதைப் பார்த்த பிறகே அதை எழுத வேண்டும்.

அப்புறம், ‘10:50 பொதுத் தகவல்’ என்று உள்ளே ஒரு தனி டாஸ்க் போடுங்கள். பழுதைச் சரிசெய்யும் வேலையில் இல்லாத ஒருவரிடம் அதைக் கொடுங்கள். புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்தில் அவர் எழுத வேண்டும். முதன்மை டிக்கெட்டை மூட இரண்டு நிபந்தனைகள் வையுங்கள்: தேக்கம் வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், சோதனை ஆர்டருக்கு மின்னஞ்சல் வந்திருக்க வேண்டும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘சரியாகிவிட்டது’ என்று போடவும் இதே நிபந்தனைகள்தான்.