ரெக்கார்ட், பிரசன்ட்: எழுத்து ஒன்று, அழுத்தம் வேறு

“ரெக்கார்ட், பிரசன்ட் மாதிரி சொற்களைப் பெயருக்கும் வினைக்கும் ஏன் வேறு மாதிரி உச்சரிக்கிறார்கள்?”

அழுத்தம் என்பது ஒரு அசையைக் கொஞ்சம் நீட்டி, ஓங்கிச் சொல்வது. இந்த ஆங்கிலச் சொற்களில் பெயரானால் முதல் அசையிலும் வினையானால் இரண்டாவதிலும் அது விழும். பதிவு என்றால் ‘ரெ’க்கர்ட், பதிவு செய் என்றால் ரி‘க்கார்ட்’. அழுத்தம் இழந்த அசையின் உயிரொலி தேய்ந்துவிடும், அதனால்தான் ரெ, ரி ஆகிறது. பரிசு ‘ப்ரெ’ஸன்ட், வழங்குவது ப்ரி‘ஸென்ட்’.

பழைய ஆங்கிலத்திலேயே முன்னொட்டு பெரும்பாலும் பெயரில் அழுத்தம் பெறும், வினையில் பெறாது. பிரெஞ்சு, லத்தீன் வழி வந்த சொற்கள் பலவும் பிறகு அந்தத் தடத்திலேயே நடந்தன.

நம் சுடு–சூடு, கெடு–கேடு நினைவிருக்கிறதா? இங்கே நெடில் செய்யும் வேலையை அங்கே அழுத்தம் செய்கிறது.

அதற்காக எல்லாச் சொல்லையும் இப்படி மாற்றிவிடாதீர்கள்: ரிப்போர்ட், கன்ட்ரோல் இரண்டுக்கும் பெயரானாலும் வினையானாலும் அழுத்தம் இரண்டாம் அசையில்தான்.